பழுது கருவியிலா, ரவுட்டரிலா? ஹாட்ஸ்பாட் சொல்லும் பதில்

புதிதாக வாங்கிய ஸ்மார்ட் ஸ்பீக்கரோ, டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ முதல்முறை இயங்கத் தொடங்கும்போது மூன்று படிகளைக் கடக்கிறது. முதலில் வீட்டு வைஃபையின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து பாஸ்வேர்டைக் கொடுத்து ரவுட்டரோடு சேர்ந்து, அதனிடமிருந்து ஒரு முகவரியைப் பெற வேண்டும். கடைசியாக இணையம் வழியே தன் நிறுவனத்தின் சர்வரை அடைந்து பதிவு செய்துகொள்ள வேண்டும். எந்தப் படியில் தடங்கினாலும் பெரும்பாலும் ‘இணைக்க முடியவில்லை’ என்ற ஒரே செய்திதான் வரும். பழுது எங்கே என்பதை அந்தச் செய்தி சொல்லாது.

அதைக் கண்டறியும் எளிய வழி, ரவுட்டரையும் வீட்டு இணையத்தையும் சற்று நேரம் ஒதுக்கிவைத்து, செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் கருவியை இணைத்துப் பார்ப்பது. கருவி அதேதான், பாதை மட்டும் வேறு. ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால் கருவி நன்றாக இருக்கிறது, குறை வீட்டு ரவுட்டரிலோ இணைப்பிலோ இருக்கிறது என்று கொள்ளலாம். கடைக்குத் திருப்பிக் கொடுக்க ஓடுமுன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

சோதனையைச் சரியாகச் செய்யாவிட்டால் தவறான முடிவு கிடைக்கும். ஹாட்ஸ்பாட் 5 GHz அலைவரிசையில் இருந்தால், 2.4 GHz மட்டுமே அறிந்த கருவிக்கு அது கண்ணிலேயே படாது. 2013-இல் வந்த முதல் குரோம்காஸ்ட் அப்படிப்பட்டதுதான். ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள் சென்று 2.4 GHz என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோன் 12-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் ‘Maximize Compatibility’ என்பதை இயக்க வேண்டும். பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் WPA2-Personal போதும். ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் சாதாரண ஆங்கில எழுத்து, எண்களாக வைப்பது பாதுகாப்பு.

ஸ்பீக்கருக்கு இரண்டு போன்கள் வேண்டும். ஒன்று ஹாட்ஸ்பாட் தரும். மற்றொன்று அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்து ஸ்பீக்கரின் ஆப்பை இயக்கும். ஒரே போனை இரண்டுக்கும் பயன்படுத்தினால் பல ஆப்கள் குழம்பிவிடும். அதைக் கருவியின் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரிமோட்டால் டிவி திரையிலேயே பாஸ்வேர்டைத் தட்டும் ஸ்டிக்குக்கு ஒரு போன் போதும். இணைந்தவுடன் கருவி மென்பொருள் அப்டேட்டை இறக்கத் தொடங்கலாம் என்பதால், அன்றைய டேட்டா மிச்சத்தை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் மகளோ மருமகனோ வாங்கிவரும் ஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். சென்னை வீட்டில் அதைச் செருகினால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் திரையில் வருகின்றன. சொந்த வீட்டின் பெயர் மட்டும் வரவில்லை. அதே அறையில் போன் அந்த வைஃபையில் தடையின்றி ஓடுகிறது. 2.4 GHz ஹாட்ஸ்பாட்டை இயக்கியதும் அதன் பெயர் பட்டியலில் வருகிறது, ஸ்டிக்கும் சேர்ந்துவிடுகிறது. ஆக, கருவியின் ரேடியோவும் கணக்கும் சரி. முதல் படியில்தான் தடை. காரணம் ரவுட்டரின் சேனலாக இருக்கலாம். இந்தியாவில் 2.4 GHz-இல் 1 முதல் 13 வரையிலான சேனல்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்கச் சந்தைக்கான கருவிகள் பல 11-க்கு மேல் தேடுவதே இல்லை. ரவுட்டர் தானாக 12-ஐயோ 13-ஐயோ பிடித்திருந்தால் அந்தக் கருவிக்கு அது இல்லாததற்குச் சமம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிரௌசரில் தட்டி, சேனலை ‘Auto’-விலிருந்து 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் பெயர் தெரியத் தொடங்கும்.

பெயர் தெரிந்தும் சேர மறுத்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். பாஸ்வேர்டு சரிதான் என்றால், ரவுட்டர் WPA3 மட்டும் என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய கருவிகளுக்கு அது தெரியாது. WPA2-வையும் அனுமதித்தால் தீரும்.

ஹாட்ஸ்பாட்டிலும் வேலை செய்யாதபோது கருவி பழுது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. 2025 மார்ச் 9-இல் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் முடங்கின. அவற்றின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியானதே காரணம். எந்த வைஃபையில் சேர்த்தாலும் பயனில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்தவர்களுக்குச் சிக்கல் கூடியது. மறுபடி அமைக்கவே முடியாமல் போனது. ரீசெட் செய்ய வேண்டாம் என்று கூகுள் அறிவித்து, சில நாட்களில் அப்டேட் மூலம் சரிசெய்தது. ரீசெட் செய்தவர்கள் கூகுள் ஹோம் ஆப்பின் புதிய பதிப்புக்கும் காத்திருக்க நேர்ந்தது. இரண்டு பாதைகளிலும் கருவி தோற்றால், அதே மாதிரியை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அன்று அதே தொல்லை இருக்கிறதா என்று விசாரித்த பிறகே ரீசெட் பட்டனில் கை வைக்க வேண்டும்.