வருமான வரிக் கோப்பு இடமாற்றக் கடிதம்

வருமான வரிக் கோப்பு இடமாற்றக் கடிதம் என்பது, இந்தியாவில் வரி செலுத்தும் ஒருவர் வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்த பின், தமது நிரந்தரக் கணக்கு எண் (பான்) எந்த மதிப்பீட்டு அலுவலரின் அதிகார வரம்பில் உள்ளதோ அவரிடமிருந்து புதிய ஊரின் அலுவலருக்கு அதனை மாற்றித் தருமாறு கேட்டு எழுதும் விண்ணப்பம் ஆகும். இம்மாற்றத்தால் பானின் பத்து எழுத்துகளும் எண்களும் மாறுவதில்லை. ஊர் மாறியதற்காகப் புதிய பான் பெறுவது தவறு. ஒருவர் இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்படலாம்.

கோப்பு எங்கே இருக்கிறது

முன்னர்க் கோப்பு என்பது உண்மையிலேயே அலுவலக அலமாரியில் இருந்த காகிதக் கட்டு. இன்று அது பெரும்பாலும் துறையின் கணினியில் பானுடன் இணைக்கப்பட்ட ஒரு குறியீடு மட்டுமே. அக்குறியீடு நான்கு பகுதிகள் கொண்டது: மூன்று எழுத்துகளாலான பகுதிக் குறியீடு, அலுவலர் வகையைக் குறிக்கும் எழுத்து, சரகக் குறியீடு, அலுவலர் எண். வகை எழுத்து W எனில் வருமான வரி அலுவலர் தலைமையிலான வார்டு. C எனில் துணை ஆணையர் அல்லது உதவி ஆணையர் தலைமையிலான வட்டம். வருமான வரித் துறையின் மின்தாக்கல் இணையதளத்தில் 'Know Your AO' என்னும் பக்கத்தில் பானையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்தால் இக்குறியீட்டையும், அலுவலகக் கட்டடத்தின் பெயரையும், அலுவலரின் மின்னஞ்சல் முகவரியையும் காணலாம்.

தொழில் செய்வோர்க்குத் தொழில் நடக்கும் முதன்மை இடமும், ஏனையோர்க்கு வசிக்கும் இடமும் அதிகார வரம்பைத் தீர்மானிக்கின்றன. இது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 124ஆம் பிரிவில் உள்ள விதி. ஆனால் இவ்விதி தானாகச் செயல்படுவதில்லை. மாணவப் பருவத்தில் சொந்த ஊரில் பான் வாங்கியவரின் குறியீடு, யாரும் மாற்றாதவரை அவ்வூரிலேயே நிற்கும்.

முகவரி மாற்றமும் கோப்பு மாற்றமும் வேறு

பலர் தடுமாறுவது இங்கேதான். பான் தரவில் முகவரியைத் திருத்துவது ஒரு வேலை. மின்தாக்கல் தளத்தின் சுயவிவரத்தில் முகவரியை மாற்றுவது இன்னொன்று. மதிப்பீட்டு அலுவலரை மாற்றுவது மூன்றாவது. முதல் இரண்டையும் செய்து முடித்தால் மூன்றாவதும் நடந்துவிடும் என்று நம்பக்கூடாது. முகவரி புனே எனவும் அலுவலர் மதுரை எனவும் ஒரே திரையில் காட்டப்படும் நிலை அரிதன்று.

வரி அறிக்கைகளைப் பெங்களூரிலுள்ள மையச் செயலாக்க நிலையம் கையாள்வதாலும், விரிவான ஆய்வுகளுள் பல முகமறியா முறையில் நடப்பதாலும், ஊர் அலுவலர் யாராக இருந்தால் என்ன என்னும் கேள்வி எழலாம். பல ஆண்டுகள் அவர் தேவைப்படாமலே போகலாம். ஆனால் மையச் செயலாக்க நிலையம் தன்னால் தீர்க்க இயலாத திருத்த மனுவை அதிகார வரம்பு அலுவலருக்கு மாற்றிவிடும். பழைய நிலுவையை நீக்குதல், நிலுவை வசூலை நிறுத்திவைத்தல் ஆகியவையும் அவரிடமே உள்ளன.

யாருக்கு எழுத வேண்டும்

கோப்பை வைத்திருப்பவரே அதை விடுவிக்க வேண்டும் என்பதால் கடிதம் பழைய அலுவலரின் பெயருக்குச் செல்ல வேண்டும். அதன் நகல் புதிய அலுவலருக்கு. புதிய அலுவலகத்தில் மட்டும் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்போர் உண்டு. அந்த அலுவலருக்கு அவர்களுடைய பான் கணினியில் திறக்கவே செய்யாது.

சட்டப்படி இம்மாற்றத்துக்கான அதிகாரம் 127ஆம் பிரிவின் கீழ் ஆணையர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுடையது. இரு அலுவலர்களும் வெவ்வேறு ஆணையர்களின் கீழ் இருந்தால் அவ்விரு தலைமைகளும் உடன்பட வேண்டும். உடன்படாவிட்டால் மத்திய நேரடி வரிகள் வாரியம் முடிவு செய்யும். மதுரையிலிருந்து புனேவுக்கு மாறுவது ஒரே நகருக்குள் வார்டு மாறுவதைவிட மெதுவாக நடப்பதற்கு இதுவே காரணம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் இவ்வதிகாரம் தொடர்கிறது. பிரிவு எண்கள்தாம் வேறு.

ஓர் எடுத்துக்காட்டு

2012இல் மதுரையில் பான் பெற்ற ஒருவர் 2019 முதல் புனேயில் பணிபுரிகிறார் எனக் கொள்வோம். 2020இல் பான் முகவரியைத் திருத்திவிட்டார். 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கு, முதலாளி பிடித்த வரி கணக்கில் வரவு வைக்கப்படாமல், 18,400 ரூபாய் நிலுவை என்று 2023 டிசம்பரில் அறிவிப்பு வருகிறது. திருத்த மனு மதிப்பீட்டு அலுவலருக்கு மாற்றப்பட்டதாகத் தளம் காட்டுகிறது. புனே அலுவலகத்துக்கு நேரில் சென்றபோது, "உங்கள் பான் எங்களிடம் இல்லை" என்ற விடையே கிடைத்தது. பின்னர் அவர் மதுரை அலுவலருக்கு எழுதிய கடிதத்தின் உடற்பகுதி தமிழில் பின்வருமாறு அமையும்:

"என் பான் தங்கள் வார்டில் உள்ளது. 2019 ஜூன் முதல் நான் புனேயில் வசித்து, அங்கேயே ஊதியம் பெற்று வருகிறேன். பான் தரவில் என் முகவரி 2020இலேயே மாற்றப்பட்டுள்ளது. எனவே என் பானையும் அதனைச் சார்ந்த பதிவுகளையும் கீழே குறித்துள்ள புனே வார்டுக்கு மாற்றித்தர வேண்டுகிறேன். 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கான நிலுவை ஒன்றும், அதன் மீதான திருத்த மனுவும் தீர்வாகாமல் உள்ளன என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை மறைக்கத் தோன்றும், மறைக்கக்கூடாது. நிலுவை எப்படியும் அலுவலரின் திரையில் தெரியும். அதை நாமே சொன்னால், சேர்ந்து மாற வேண்டிய பதிவுகள் எவை என்பது தெளிவாகிறது. பழைய, புதிய குறியீடுகள் நான்கு பகுதிகளும் முழுமையாக எழுதப்பட வேண்டும். "புனே அலுவலர்" என்று மட்டும் எழுதினால் போதாது. பெருநகர் ஒன்றில் பல வார்டுகள் உள்ளன. பான் நகலும், வாடகை ஒப்பந்தம் அல்லது ஆதார் போன்ற முகவரிச் சான்றும் இணைக்கப்பட வேண்டும். விரைவு அஞ்சலில் அனுப்பினாலும் நேரில் கொடுத்தாலும் பெற்றுக்கொண்டதற்கான சான்று கையில் இருப்பது நல்லது.

மூன்று வாரங்களுக்குப் பின்னும் குறியீடு மாறவில்லை. காரணம், அவர் இணைத்த சான்றில் நிறுவனத்தின் முகவரி இருந்ததே தவிர வீட்டு முகவரி இல்லை. சரியான சான்றுடன் இரண்டாம் கடிதமும், மின்தாக்கல் தளத்தில் மதிப்பீட்டு அலுவலர் மீதான குறைதீர் மனுவும் கொடுத்த பிறகே புனேயின் குறியீடு திரையில் தோன்றியது. அதன் பின் திருத்த மனுவைப் புனே அலுவலரிடம் கொடுத்தார். ஆணை பிறப்பிக்கப்பட்ட நிதியாண்டின் முடிவிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள், அதாவது 2028 மார்ச் 31க்குள், திருத்தம் கோரலாம் என்பதால் இத்தாமதம் அவருக்குக் கேடு செய்யவில்லை.

இடைக்காலத்தில் அறிவிப்பு வந்தால்

இது கவனமாக இருக்க வேண்டிய இடம். கடிதம் கொடுத்தாயிற்று, இனிப் பழைய அலுவலருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று கருதுவது பெரும்பிழை. குறியீடு மாறும்வரை அதிகாரம் அவருடையதே. அவருக்கு அதிகார வரம்பு இல்லை என்று எதிர்க்க விரும்பினால், அறிக்கை தாக்கல் செய்தவருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 124(3) பிரிவு தரும் காலம் குறுகியது: 142(1) அல்லது 143(2) பிரிவின் கீழான அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதம்; மதிப்பீடு அதற்கு முன்பே முடிந்துவிட்டால் அதுவரை மட்டும். அக்காலம் கடந்தால், வேறு ஊர் அலுவலர் என்னும் வாதம் எழுப்பப்பட முடியாது. அப்படி எதிர்ப்பு எழுதும்போதும், அறிவிப்பில் கேட்ட விவரங்களை, எதிர்ப்புக்கு உட்பட்டே தருவதாகக் குறித்துத் தந்துவிடுவதே பாதுகாப்பு. மாற்றம் முடிந்ததா என்பதை அலுவலகத்தின் வாய்மொழியைக் கொண்டு அறிய வேண்டியதில்லை. 'Know Your AO' பக்கத்தில் நான்கு பகுதிகளும் மாறியிருந்தால் முடிந்தது.