கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து

2008-ல் சீனாவின் ஹுனான் மாகாணத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவோடு பொன்னரிசிச் சோறு கொடுக்கப்பட்டது. பீட்டா கரோட்டின் சேரும்படி மரபணு மாற்றிய அரிசி அது. உடலில் அது எவ்வளவு வைட்டமின் ஏ ஆகிறது என்று அறிவதே நோக்கம்.

பெற்றோர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆனால் சம்மதப் படிவத்தின் கடைசிப் பக்கம் மட்டுமே அவர்களிடம் தரப்பட்டது என்று சீன அரசின் விசாரணை கண்டறிந்தது. மரபணு மாற்றிய அரிசி என்பதையும் சொல்லவில்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் நெறிமீறலை ஒப்புக்கொண்டது. தரவுகளில் குறை காணவில்லை. ஆயினும் 2012-ல் வெளியான கட்டுரையை ஆய்விதழ் 2015-ல் திரும்பப் பெற்றது.

உழவர் வயலில் புது விதையைச் சோதிப்பவருக்கும் இதே கடமை உண்டு. என்ன விதை, விளைச்சல் குறைந்தால் இழப்பை யார் ஏற்பது, பாதியில் விலகலாமா என்பதையெல்லாம் விதைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.