நாக்குக்கு அடியில் ஏன்?

இதய நோயாளிகள் திடீர் நெஞ்சுவலிக்கு வைத்துக்கொள்ளும் நைட்ரோகிளிசரின் மாத்திரையில் மருந்து அரை மில்லிகிராம் அளவுதான். அதை விழுங்கிவிட்டால் ஏறக்குறைய வீண்.

காரணம் கல்லீரல். குடல் உறிஞ்சும் மருந்து பெரும்பாலும் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போக வேண்டும். சுங்கச்சாவடி மாதிரி. அங்குள்ள நொதிகள் நைட்ரோகிளிசரினின் நைட்ரேட் பகுதிகளைக் கழற்றிவிடுகின்றன. மிஞ்சுவது வீரியம் குறைந்த சரக்கு. எல்லா மருந்துக்கும் இந்தக் கதி இல்லை. மார்ஃபினில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தப்பிவிடும். அதனால்தான் ஊசியில் 10 மில்லிகிராம் செய்யும் வேலைக்கு, வாய்வழியாகச் சுமார் 30 தேவைப்படுகிறது. சிரைக்குள் ஏற்றும் ஊசிமருந்து கல்லீரலுக்குப் போகும் முன்பே உடலெங்கும் பரவிவிடும்.

நாக்கின் அடியிலும் அதே குறுக்குவழி உண்டு. அங்குள்ள மெல்லிய சவ்வைக் கடக்கும் மருந்து, கழுத்துச் சிரை வழியாக இதயத்தை அடைகிறது. ஓரிரு நிமிடங்களில் வலி தணியத் தொடங்கும். கல்லீரல் பழுதடைந்தவர்களுக்கோ வழக்கமான மாத்திரையே அளவு மீறிப் போகலாம்.

மாத்திரை கரைய எச்சில் வேண்டும். வாய் வறண்டிருந்தால் முதலில் ஒரு வாய்த் தண்ணீர் குடியுங்கள். ரத்த அழுத்தம் சட்டென இறங்கும் என்பதால் உட்கார்ந்துகொண்டே வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.