நாக்கில் திட்டு: நகர்கிறதா, நிற்கிறதா?

ஆறு வயதுச் சிறுமி ரசம் சாதத்தை வாயில் வைத்ததும் நாக்கு எரிகிறது என்கிறாள். அம்மா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார். வலப்பக்கம் வழவழவென்று ஒரு சிவப்புத் திட்டு. அதைச் சுற்றிச் சற்றே மேடாக, நெளிந்த வெள்ளைக் கரை. சில நாள் கழித்துப் பார்த்தால் அந்த இடம் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் நுனியருகே புதிதாக இன்னொரு திட்டு.

வரைபட நாக்கு

நாக்கின் மேற்பரப்பில் நூல் போன்ற நுண்ணிய மொட்டுகள் அடர்ந்திருக்கும். அவை ஓரிடத்தில் உதிர்ந்தால் அடியிலுள்ள சிவப்பு தெரியும். மீண்டும் முளைத்ததும் மறைந்துவிடும். அதற்குள் வேறோர் இடத்தில் உதிரத் தொடங்கும். நூற்றில் ஒருவர் முதல் மூவருக்கு இப்படி இருக்கலாம். இது தொற்றாது, புற்றுநோயாகவும் மாறாது. எரிச்சல் இருக்கும் நாட்களில் காரத்தையும் புளிப்பையும் குறைத்தால் போதும். பலர் மருந்துக்கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். தானாக மறையும் திட்டு மறைந்ததும் பெயர் மாத்திரைக்குப் போகிறது!

வெடிப்பு நாக்கு

சிலருக்கு நாக்கின் மேல் பள்ளக்கோடுகள் ஓடும். வயது கூடக்கூட இவை ஆழமாகத் தெரியும். வரைபட நாக்கு உள்ளவர்களிடம் இதுவும் அடிக்கடி சேர்ந்தே காணப்படும். கோடுகள் தாமே தீங்கு செய்வதில்லை. உணவுத்துணுக்கு அவற்றில் தங்கினால் வாய் நாறும், லேசாக எரியும். சாப்பிட்டதும் கொப்பளித்து, மென்மையான பிரஷ்ஷால் உள்ளிருந்து நுனி நோக்கி மெல்ல வருடினால் சரியாகும். இரும்புக் கம்பியாலோ தகட்டாலோ அழுத்திச் சுரண்ட வேண்டாம். முகம் அல்லது உதடு அடிக்கடி வீங்குவதும், முகம் ஒருபக்கம் கோணுவதும் சேர்ந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்போது பல் மருத்துவரிடம்?

ஒரே வெளிச்சத்தில், சில நாட்களுக்கு ஒருமுறை நாக்கைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பாருங்கள். திட்டு இடம் மாறினால் நிம்மதி. இரண்டு வாரம் கடந்தும் அதே இடத்தில் நிற்கும் புண்ணையோ, சிவப்புத் திட்டையோ, துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலத்தையோ விட்டுவைக்கக் கூடாது. நாக்கின் பக்கவாட்டு ஓரத்தைக் கூடுதலாகக் கவனியுங்கள். நாக்குப் புற்று பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தொடக்கத்தில் வலிக்காமலும் இருக்கும். விரலால் தொட்டால் கெட்டியாக இருப்பது, ரத்தம் கசிவது, மரத்துப்போவது, நாக்கை நீட்டவோ விழுங்கவோ சிரமம், கழுத்தில் கட்டி ஆகியவை இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வெற்றிலை பாக்கு, புகையிலை, குட்கா பழக்கம் உள்ளவர் காரம் எரிகிறது என்றால், வாய் முன்புபோல் அகலத் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திறப்பு குறைந்திருந்தால் உடனே பரிசோதனை தேவை.

மருத்துவர் கூரான பல் எதுவும் உரசுகிறதா என்று பார்ப்பார். உரசினால் அதை மழுக்கிவிட்டு இரண்டு வாரம் கழித்து மீண்டும் வரச் சொல்வார். அப்போதும் புண் ஆறவில்லை என்றால், மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு சதைத்துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்.