நாம் எழுதாத சொற்களுக்கு நாம் கட்டும் பணம்

கூகுளில் விளம்பரம் கொடுக்க உட்காருகிறவர் கீவேர்டைத் தட்டும்போது சுற்றிலும் எந்தக் குறியும் போடாமல் விட்டால் அது பிராட் மேட்ச். மேற்கோள் குறிக்குள் போட்டால் ஃப்ரேஸ் மேட்ச், சதுர அடைப்புக்குள் போட்டால் எக்ஸாக்ட் மேட்ச். குறி போடும் பழக்கம் இல்லாதவர்கள் பிராட் மேட்சில்தான் இருக்கிறார்கள், பலருக்கு அது தெரிவதுகூட இல்லை. குறி போட்டு வைத்தவர்களும் தப்புவதில்லை. `Recommendations` பக்கத்தில் இருக்கும் `Auto-apply` இயங்கிக்கொண்டிருந்தால், பிராட் மேட்ச் கீவேர்டுகள் உரிமையாளர் கைப்படாமலே கணக்கில் சேர்ந்துவிடலாம்.

பிராட் மேட்சில் நாம் எழுதிய சொற்கள் தேடலில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேடுகிறவரின் தேவையும் நம் கீவேர்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று கூகுள் கருதினால் போதும். அவர் சற்றுமுன் வேறு என்ன தேடினார், நம் இணையப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதே விளம்பரக் குழுவில் வேறு என்ன கீவேர்டுகள் இருக்கின்றன என்பதையெல்லாம் சேர்த்து அது முடிவு செய்கிறது. முன்பு சொல்லுக்கு முன்னால் `+` குறி போட்டு, இந்தச் சொல் இருந்தால்தான் காட்ட வேண்டும் என்று கட்டிப்போட முடிந்தது. 2021-ல் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது.

இதனால் மாதச் செலவில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. கோவையில் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு கடை. ஃப்ரேஸ், எக்ஸாக்ட் கீவேர்டுகளுக்கு மாதம் 30,000 ரூபாய் செலவு, விளம்பரம் வழியாக 100 போன் அழைப்புகள். ஓர் அழைப்புக்கு 300 ரூபாய். கூகுளின் மொழியில் ஒவ்வோர் அழைப்பும் ஒரு கன்வர்ஷன். பிறகு `ro service` என்ற பிராட் மேட்ச் கீவேர்ட் சேர்கிறது, பட்ஜெட்டும் கூடுகிறது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மாதச் செலவு 60,000, அழைப்புகள் 170. அழைப்புக்குச் சராசரி 353 ரூபாய். உரிமையாளர் இதைப் பார்த்து, ஐம்பது ரூபாய்தானே ஏறியிருக்கிறது, அழைப்பு எழுபது கூடியிருக்கிறதே என்று நினைப்பார்.

அந்தச் சராசரியில் பழைய அழைப்புகளும் கலந்திருக்கின்றன. கூடுதலாகப் போட்ட 30,000 ரூபாய்க்குக் கூடுதலாக வந்தது 70 அழைப்பு, அதாவது ஒன்றுக்கு 429 ரூபாய். விரிவாக்கத்தின் உண்மையான விலை இதுதான். பிராட் கீவேர்டின் வரிசையில் மட்டும் பார்த்தால் இந்த எண்ணும் கிடைக்காது. அங்கே 38,000 ரூபாய்க்கு 95 அழைப்பு, ஒன்றுக்கு 400 ரூபாய் என்று இருக்கும். 70 எப்படி 95 ஆனது? பழைய கீவேர்டுகளின் கணக்கு இப்போது 22,000 ரூபாய், 75 அழைப்பு என்று இறங்கியிருக்கிறது. முன்பு அவற்றுக்கு வந்துகொண்டிருந்த 25 அழைப்பை பிராட் கீவேர்ட் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. தேடலும் எக்ஸாக்ட் கீவேர்டும் அச்சாக ஒன்றாக இருந்தால் எக்ஸாக்டுக்கே முன்னுரிமை உண்டு. மற்ற இடங்களில், குறிப்பாக ஃப்ரேஸ் கீவேர்டுகளிடமிருந்து, பிராட் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆகவே விரிவாக்கத்துக்கு முந்தைய மொத்தத்தையும் பிந்தைய மொத்தத்தையும் வைத்து வித்தியாசத்தை வகுத்துப் பார்ப்பதே முதல் வேலை. எந்தத் தேதியில் எது மாறியது என்பதை `Change history` சொல்லும்.

செலவு மெல்ல மெல்ல ஏறுவதற்கும் இந்தச் சராசரியே காரணம். ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்து ஏலத் தொகையைக் கூகுளே முடிவு செய்ய விடுகிறோம். அந்த இலக்கு ஒட்டுமொத்தச் சராசரிக்கு. பழைய தேடல்கள் 300 ரூபாய்க்கு அழைப்பு தரும்போது இலக்கை 400 என்று வைத்தால், புதிய தேடல் ஒன்று 700 ரூபாய்க்கு அழைப்பு தந்தாலும் மொத்தக் கணக்கு இலக்குக்குள் அடங்கிவிடும். நல்ல தேடல்கள் மிச்சம் பிடித்த பணம் மோசமான தேடல்களுக்குப் போகிறது, அறிக்கையில் இலக்கு எட்டப்பட்டது என்றே வரும்.

அடுத்தது இதைவிடச் சிக்கலானது. எந்தத் தேடலிலிருந்து கன்வர்ஷன் வருகிறதோ அந்த மாதிரித் தேடல்களுக்குக் கூகுள் மேலும் ஏலம் கேட்கும். அந்தக் கன்வர்ஷன் நமக்குப் பயனுள்ளதா என்று அதற்குத் தெரியாது. நம் கடையின் `Search terms` அறிக்கையைத் திறந்து, பிராட் கீவேர்டுக்கு வந்த தேடல்களைக் குவியல்களாகப் பிரிப்போம். `water purifier repair`, `ro not working` போன்ற பழுதுத் தேடல்கள்: 17,000 ரூபாய், 50 அழைப்பு, ஒன்றுக்கு 340. பெரிய கம்பெனிகளின் பெயரோடு `customer care` என்று தேடியவை: 11,000 ரூபாய், 35 அழைப்பு, ஒன்றுக்கு 314. `ro plant price` போன்ற விலைத் தேடல்கள்: 6,000 ரூபாய், 6 அழைப்பு. `ro technician job`, `ro water tds level` போன்றவை: 4,000 ரூபாய், 4 அழைப்பு.

அறிக்கையின்படி இருப்பதிலேயே மலிவு `customer care` குவியல்தான். போன் எடுக்கும் பெண்ணிடம் கேட்டால் கதையே வேறு. அழைக்கிறவர்கள் கம்பெனிக்கே பேசுவதாக நினைத்து, வாரண்டி அட்டை எண்ணைச் சொல்லி, ஆள் எப்போது வருவார் என்று கேட்கிறார்கள். இது அந்தக் கம்பெனி அல்ல என்று புரியவைத்து வைப்பதற்குள் ஒரு நிமிடம் தாண்டிவிடும். விளம்பரத்திலிருந்து வரும் அழைப்பு 60 விநாடி நீடித்தாலே கன்வர்ஷன் என்பது கூகுள் தானாக வைத்திருக்கும் அளவு. அதனால் தவறி வந்த அழைப்பும் வெற்றிக் கணக்கில் ஏறி, அதே மாதிரி அழைப்புகளை இன்னும் வாங்கி வருகிறது. விரிவாக்கத்தில் எனக்கு மிகக் கவலை தருவது இந்த இடம்தான். கன்வர்ஷன் செலவு குறைவதாகக் காட்டிக்கொண்டே கடையின் பணம் வெளியேறும், எண்ணை மட்டும் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

அதனால் கடையின் சர்வீஸ் நோட்டையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பழுதுத் தேடலின் 50 அழைப்பில் 40 பேர் சர்வீஸ் புக் செய்தார்கள் என்றால் ஒரு புக்கிங்குக்கு 425 ரூபாய். `customer care` குவியலின் 35-ல் 5 பேர் என்றால் ஒன்றுக்கு 2,200 ரூபாய்.

குவியலாகப் பிரிப்பது ஏன் முக்கியம் என்றால், தனித்தனித் தேடல் ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒரு கிளிக், இரண்டு கிளிக்தான் இருக்கும். நாற்பது ரூபாய் செலவில் ஒரு தேடலை நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது. அறிக்கையை எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்டில் இறக்கி, தேடல்களுக்குள் திரும்பத் திரும்ப வரும் சொல் வாரியாகக் கூட்டினால் உருவம் தெரியும். A பத்தியில் தேடல், C-யில் செலவு, D-யில் கன்வர்ஷன் இருந்தால் இந்தச் சூத்திரம் போதும்:

```
=SUMIF(A:A,"*customer care*",C:C)/SUMIF(A:A,"*customer care*",D:D)
```

இதையே மாதாமாதம் செய்து, ஒவ்வொரு குவியலும் மொத்தச் செலவில் எத்தனை சதவீதம் என்று பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். முதல் மாதம் செலவில் பத்தில் ஒரு பங்காக இருந்த குவியல் மூன்றாம் மாதம் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்திருந்தால், விரிவாக்கம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். கன்வர்ஷன் கிளிக் நடந்த தேதியின் கணக்கில்தான் சேரும். கிளிக் செய்து பல நாள் யோசித்து வாங்கும் பொருள் என்றால், கடைசி ஒன்றிரண்டு வாரக் கணக்கு எப்போதும் மோசமாகவே தெரியும். அந்த வாரங்களை விட்டுவிட்டுப் பார்ப்பது நல்லது. இன்னொன்று, 2020 செப்டம்பரிலிருந்து கூகுள் எல்லாத் தேடல்களையும் காட்டுவதில்லை, போதிய அளவில் மக்கள் தேடியவற்றை மட்டுமே காட்டுகிறது. கீவேர்டின் மொத்தச் செலவிலிருந்து, பெயர் தெரிந்த தேடல்களின் செலவைக் கழித்தால் மறைந்திருக்கும் பங்கு கிடைக்கும். அதையும் மாதாமாதம் குறித்து வைக்கலாம்.

சொந்தக் கடைப் பெயரைத் தேடி வருகிறவர்களைத் தனிக் குவியலாக்க மறக்கக் கூடாது. அவர்கள் எப்படியும் நம்மிடம் வருகிறவர்கள், கன்வர்ஷனும் மலிவாக விழும். பிராட் கீவேர்ட் அவர்களையும் பிடித்துக்கொண்டால் அதன் சராசரி அழகாகத் தெரியும், விரிவாக்கம் வெற்றி என்று தோன்றும்.

வேண்டாத குவியலை நிறுத்த நெகடிவ் கீவேர்ட் இருக்கிறது. இதில் அவசரம் ஆகாது. நெகடிவ் கீவேர்ட் ஒத்த பொருளுள்ள சொற்களுக்கு விரியாது. `customer care` என்று தடுத்தால் `helpline`, `toll free` வந்துகொண்டுதான் இருக்கும். `job`, `jobs` இரண்டையும் தனித்தனியே போட வேண்டும். மறுபுறம், ஒற்றைச் சொல்லைப் போட்டால் நல்ல வாடிக்கையாளரும் போய்விடுவார். `number` என்று தடுத்தால் `ro service number` என்று தேடுகிறவர் போய்விடுவார், அவர் நமக்கு வேண்டியவர். தமிழில் தேடுகிறவர்களுக்காக `வேலை` என்று போட்டால், `ஆர்ஓ வேலை செய்யவில்லை` என்று தேடுகிறவருக்கும் விளம்பரம் போகாது. `வேலைவாய்ப்பு` என்று போடுவதே சரி. ஒரு சொல்லைத் தடுக்கும் முன், அந்தச் சொல் இருந்து புக்கிங்கும் கொடுத்த தேடல் அறிக்கையில் உண்டா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட வேண்டும்.

தடுப்பதோடு, எதை வெற்றி என்று எண்ணுகிறோம் என்பதையும் மாற்ற வேண்டும். 60 விநாடியை 120 ஆக்குவது எளிய வழி. புக்கிங் ஆன அழைப்புகளை மட்டும் கணக்கில் ஏற்றுவது அதைவிட நல்ல வழி. அப்படி மாற்றியபின் ஏல முறை மறுபடி பழக நாளாகும், அந்த நாட்களின் எண்களை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

நம் கடை `customer care` குவியலையும், வேலை, டி.டி.எஸ். தேடல்களையும் நிறுத்துகிறது என்று வைப்போம். பிராட் கீவேர்டில் 23,000 ரூபாயும் 56 அழைப்பும் மிஞ்சும். அழைப்புக்கு 411 ரூபாய், முன்பு 400. திருத்தம் தோற்றுவிட்டது போலத் தெரியும். புக்கிங்கை எண்ணிப் பார்த்தால், விலைத் தேடலில் வந்த இரண்டையும் சேர்த்து, முன்பு 38,000 ரூபாய்க்கு 47, இப்போது 23,000 ரூபாய்க்கு 42. ஒரு புக்கிங்குக்கு 809 ரூபாயாக இருந்தது 548 ஆகியிருக்கிறது. ஆனால் தினசரி பட்ஜெட்டை 500 ரூபாய் குறைக்காவிட்டால், மிச்சமான 15,000 ரூபாயை பிராட் மேட்ச் இன்னும் நாம் பார்த்திராத தேடல்களில் செலவழிக்கத் தொடங்கிவிடும்.