சங்கத்தின் கதவைத் தட்ட வேண்டிய நேரம்

சில மாதங்களுக்கு முன், கீழ்பென்னாத்தூரில் உள்ள என் வீட்டுக்குப் பழைய மாணவர் ஒருவர் வந்தார். தனியார் தொழிற்சாலை ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். மிகைநேரப் பணிக்கு ஊதியம் கேட்டு எழுதிய மூன்றாவது மாதத்தில், அவரை வெளிமாநிலக் கிடங்கு ஒன்றுக்கு மாற்றினார்கள். வயதான பெற்றோரை விட்டுச் செல்ல இயலவில்லை. விடுப்பில் இருந்தார், விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது, தாமே ஒரு பதில் எழுதினார், இரண்டாவது குறிப்பாணையும் வந்தது. இறுதியில் மனம் வெறுத்துப் பணிவிலகல் கடிதம் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் அந்தத் தொழிற்சாலையின் தொழிற்சங்கத்திடம் சென்றிருக்கிறார். 'இப்போது வந்து என்ன பயன்?' என்று கேட்டார்களாம். அதே கேள்வியோடு என்னிடம் வந்தார்.

அவர் செய்த தவறு சங்கத்தை நாடாதது மட்டுமன்று. நாட வேண்டிய நேரத்தைத் தவறவிட்டதும்தான். 'வேலை போனால் சங்கத்துக்குப் போகலாம்' என்பதே நம்மில் பெரும்பாலோரின் எண்ணம். சட்டமோ ஏறத்தாழ இதற்கு நேர்மாறாக அமைந்திருக்கிறது. வேலை போன பின் ஒருவர் தனியாகவே வழக்காட முடியும். வேலையில் இருக்கும்போது எழும் பூசல்களில்தான் சங்கமின்றி அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.

இது எப்படி வந்தது என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், தொழிலாளர்கள் கூட்டாக எழுப்பும் தகராறுகளை மனத்தில் வைத்து இயற்றப்பட்டது. தனியொருவரின் குறை, தன்னளவில் தொழில் தகராறு ஆகாது. சங்கமோ, அந்த நிறுவனத் தொழிலாளர்களில் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையினரோ அதைத் தங்கள் குறையாக ஏற்றுக்கொண்டால்தான் அது தொழில் தகராறு ஆகும் என்று நீதிமன்றங்கள் பொருள் கொண்டன.

இந்த விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு, 1961-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கே சான்று. சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழின் பம்பாய் அலுவலகப் பத்திரிகையாளர் ஒருவரின் பணி முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவருக்காகப் பம்பாய் பத்திரிகையாளர் சங்கம் தகராறை எழுப்பியது. அந்தச் சங்கமோ பல நாளிதழ்களின் பணியாளர்களைக் கொண்ட பொதுச் சங்கம். 'தி இந்து'வின் பம்பாய் அலுவலகத்தில் இருந்தவர்களே பத்துப் பேர்தான். அவர்களுள் பத்திரிகைப் பணியில் இருந்தவர்கள் மூவர். அந்த நிறுவனத்தின் பணியாளர்கள் போதிய எண்ணிக்கையில் அந்தத் தகராறைத் தங்களுடையதாக ஏற்கவில்லை என்று நீதிமன்றம் கருதியது. அந்த ஆதரவு, தகராறு தீர்ப்பாயத்துக்கு அனுப்பப்படும் நாளில் இருந்திருக்க வேண்டும். பின்னால் வந்து சேரும் ஆதரவு குறையை நிரப்பாது என்றும் கூறியது. பணிநீக்கம் நியாயமா என்ற கேள்விக்குள் போகாமலேயே வழக்கு முடிந்தது.

இத்தகைய தீர்ப்புகளின் கடுமையைக் குறைக்கவே 1965-இல் அச்சட்டத்தில் 2-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பணிநீக்கம், பணி விடுவிப்பு, ஆட்குறைப்பு போன்று வேலையே பறிபோகும் நிலைகளில், எந்தச் சங்கமும் துணைக்கு வராவிட்டாலும், அது தொழில் தகராறாகவே கொள்ளப்படும் என்றது அப்பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது.

ஆனால், இந்தச் சலுகையின் எல்லையைக் கவனிக்க வேண்டும். இடமாற்றம், ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி உயர்வு மறுப்பு, தற்காலிகப் பணியிடை நீக்கம் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. என் மாணவரின் குறை இடமாற்றம். அதை அவர் தனியாகத் தொழில் தகராறாக எழுப்ப முடியாது, சங்கம் எழுப்பியிருக்கலாம். அவர் தாமாகப் பணி விலகியதும், 'நாங்கள் நீக்கவில்லையே, அவரே போனார்' என்று சொல்லும் வாய்ப்பு நிர்வாகத்துக்குக் கிடைத்துவிட்டது. கட்டாயத்தின்பேரில் எழுதிய கடிதம் என்று வாதாடலாம். அதை மெய்ப்பிக்கும் சுமை அவர் தலையில்தான் விழும்.

புதிய தொகுப்புச் சட்டம் வேறொரு வாயிலையும் வைத்திருக்கிறது. இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். நிர்வாகத் தரப்பினரும் தொழிலாளர் தரப்பினரும் சம எண்ணிக்கையில், பத்துப் பேருக்கு மிகாமல் அதில் இருப்பர். குறை எழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொழிலாளர் தாமே அதில் விண்ணப்பிக்கலாம். குழு முப்பது நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு நிறைவளிக்காவிட்டால், அடுத்த அறுபது நாள்களுக்குள் சமரச அலுவலரிடம் செல்லலாம். ஆனால், 'தாம் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கத்தின் வழியாக' என்று சட்டம் சொல்கிறது. முதல் படியில் தனியாக ஏறியவர், இரண்டாம் படியில் சங்க உறுப்பினராக இருந்தாக வேண்டும். உறுப்பினர் அல்லாதவர் என்ன செய்வது என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை.

ஆகவே, சங்கத்தை எப்போது நாடுவது என்ற கேள்விக்கு என் விடை எளியது: உறுப்பினராவது பணியில் சேர்ந்த பின் கூடிய விரைவில், உதவி கேட்பது முதல் காகிதம் கைக்கு வந்த அன்றே. குறிப்பாணைக்குப் பதில் எழுதும் முன் சென்றால், சங்கத்தால் செய்யக்கூடியவை சில உண்டு. குற்றச்சாட்டு நிறுவனத்தின் நிலையாணைகளுக்குள் வருகிறதா என்று பார்க்கும். இதே செயலுக்கு முன்பு வேறொருவருக்கு எச்சரிக்கை மட்டுமே தரப்பட்டது என்பது சங்கத்தின் கோப்பில் இருக்கும். தனி ஊழியருக்குத் தெரிந்திருக்காது. 'தவறு நேர்ந்துவிட்டது, மன்னிக்கவும்' என்று பணிவுக்காக எழுதும் ஒரு வரி, பின்னால் உள்விசாரணையில் ஒப்புதல் வாக்குமூலமாக வாசிக்கப்படுவதை நான் கண்டிருக்கிறேன். அந்த வரியைத் தடுக்க வேண்டுமென்றால், பதில் அனுப்புவதற்கு முன்பே யாராவது அதைப் படித்திருக்க வேண்டும்.

சமரச அறையிலும் சங்கத்துக்குத் தனியிடம் உண்டு. சமரசப் பேச்சில் எந்தத் தரப்புக்காகவும் வழக்கறிஞர் முன்னிலையாகச் சட்டம் இடம் தருவதில்லை. பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகி, உறுப்பினருக்காக அமரலாம். முதலில் வழக்கறிஞரைத் தேடி ஓடுபவர்கள் இதை அறிவதில்லை. மேலும், சமரசம் நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறுக்குரிய பணி நிலைமைகளைத் தொழிலாளருக்குப் பாதகமாக நிர்வாகம் மாற்றக் கூடாது. தகராறு உரிய நேரத்தில் எழுப்பப்பட்டால்தான் இந்தக் கவசம் கிடைக்கும். தகராறு எழுந்து இரண்டாண்டு கடந்துவிட்டால், சமரச அலுவலர் அதை எடுத்துக்கொள்ளவே முடியாது. முன்பு பணிநீக்க வழக்குகளில் நேரடியாக நீதிமன்றத்தை நாட மூன்றாண்டு அவகாசம் இருந்தது. அந்தப் பழைய கணக்கை நம்பியிருப்பவர்கள் ஏமாறக்கூடும்.

சங்கத்தை நாடுபவர் அதைச் சோதித்தும் பார்க்க வேண்டும். அது பதிவு பெற்றதா என்பது முதல் கேள்வி. பதிவு வெறும் சடங்கன்று. 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா மீது பின்னி ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. அந்தக் கசப்பான அனுபவமே, பதிவு பெற்ற சங்கங்களுக்குப் பாதுகாப்புத் தரும் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்று. இரண்டாவது கேள்வி, உங்கள் நிறுவனத்தில் அதற்கு எத்தனை உறுப்பினர்கள் என்பது. பம்பாய் வழக்கில் இடறியது அங்கேதான். மூன்றாவதாக, உங்கள் குறையை ஏற்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றியதா, நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தின் தேதியிட்ட நகல் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்ற வாய்மொழி, காலக்கெடுவை நிறுத்தி வைக்காது.

சங்கத்துக்கும் வரம்பு உண்டு. அது எல்லோருக்குமானது, உங்கள் ஒருவருக்கானது அன்று. ஊதிய ஒப்பந்தம் கைகூடும் வேளையில், தனியொருவரின் வழக்கு பின்னுக்குத் தள்ளப்படலாம். சமரச அலுவலர் முன் கையெழுத்தாகும் ஒப்பந்தம், சங்கத்தில் சேராதவர்கள் உள்பட அனைத்துத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். வெளியே நிற்பதால் அதிலிருந்து தப்பிவிட முடியாது; பேசும் உரிமையை மட்டுமே இழக்கிறோம்.

சில குறைகளுக்கு முதல் வாயில் சங்கம் அன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தலானால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதங்களுக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்து வடிவில் புகார் தர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட உள்ளூர்க் குழு இருக்கிறது. சங்கம் துணை நிற்கலாம்; அதன் பேச்சுவார்த்தைக்காகக் காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிடக் கூடாது.

ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் நிலை வேறு. ஆசிரியர் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988-இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. நானும் பணிக்காலம் முழுவதும் ஆசிரியர் சங்க உறுப்பினராக இருந்தவன்; எங்களுக்குத் தொழிலாளர் நீதிமன்றம் கிடையாது என்பது பலருக்கு வழக்குத் தள்ளுபடியான பின்தான் தெரியவந்தது. 2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தின்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்சநீதிமன்றம் அந்த ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இத்துறைகளில் சங்கத்தின் வலிமை வேலைநிறுத்தத்தில் இல்லை. விதிகளை அறிந்து, மேல்முறையீட்டை உரிய நாளுக்குள் எழுதித் தருவதில் இருக்கிறது.

ஒரு தொழிலாளி வெளியேறினால் நிறுவனத்துக்கு இழப்பு சிறிது. அவர் குடும்பத்துக்கோ முழு வருவாயும் போகிறது. பொருளியல் வகுப்பில் பேரம் பேசும் ஆற்றலின் ஏற்றத்தாழ்வு என்று இதைத்தான் பாடமாக நடத்தினேன். என் மாணவர் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர். இப்போது திருவண்ணாமலையில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம். முதல் குறிப்பாணை வந்த தேதியை அவர் இன்னும் மறக்கவில்லை.