பரப்பு சரி, உருவம் தப்பு

நாற்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலத்தில் ஒரு வயல். 1,200 சதுர மீட்டர், சென்ட் கணக்கில் முப்பதுக்குச் சற்றுக் குறைவு. அதன் புலப்படத்தை, அதாவது சர்வேயர்கள் எஃப்.எம்.பி. என்று சொல்வதை, கணினியில் ஏற்றுகிறார்கள். தாளில் ஓர் அளவுக்கோடு இழுத்து, அதிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எத்தனை மீட்டர் விலகியிருக்கிறது என்று எழுதியிருக்கும். வடக்கு வரப்பில் மடை இருப்பதால் அங்கே மூன்று புள்ளிகள், ஒரு மீட்டருக்கு ஒன்று. நடுப்புள்ளிக்கு 3.3 என்று இருந்ததைத் தட்டச்சு செய்தவர் 33 என்று தட்டிவிட்டார்.

திரையில் இப்போது அந்த வயலிலிருந்து ஒரு முள் கிளம்பி, பக்கத்து நிலத்துக்குள் ஏறக்குறைய முப்பது மீட்டர் பாய்கிறது. ஆனால் பரப்பைக் கேட்டால் 1,230 சதுர மீட்டர் என்கிறது கணினி. பட்டாவில் இருப்பதைவிட இரண்டரை சதவீதம்தான் அதிகம். பழைய அளவையில் இவ்வளவு முன்னே பின்னே இருக்கும் என்று யாரும் கடந்துபோய்விடுவார்கள். முள் மெலிந்தது, அதற்குப் பரப்பே கிடையாது. பரப்பை மட்டும் சரிபார்க்கும் ஆளிடம் அது சிக்காது.

உருவத்தை எண்ணாக்கினால் சிக்கும். முதல் வழி, நிலத்தை முழுதாக அடக்கக்கூடிய மிகச் சிறிய செவ்வகத்தை வரைந்து, அதில் எத்தனை பங்கை நிலம் நிரப்புகிறது என்று பார்ப்பது. தவறு நேருமுன் நம் வயல் தன் செவ்வகத்தை முழுதும் நிரப்பியது, மதிப்பு 1. முள் முளைத்தபின் நாற்பதுக்கு அறுபது மீட்டர் செவ்வகம் தேவைப்படுகிறது, நிரப்புவதோ பாதிதான், 0.51. இங்கே ஒரு எச்சரிக்கை: செவ்வகத்தை நிலத்தின் சாய்வுக்கேற்பத் திருப்பி வைக்க வேண்டும். வரப்புகள் வடக்கு தெற்காகவே ஓடுவதில்லை. 45 பாகை சாய்ந்த சதுர நிலத்தை நேராக நிற்கும் செவ்வகத்தில் போட்டால், குற்றமற்ற அதற்கும் 0.5 தான் வரும்.

இரண்டாவது வழி திரட்சி. ஒரே சுற்றளவுக்குள் அதிகப் பரப்பை அடக்குவது வட்டம். அதோடு ஒப்பிட்டால் நிலம் எவ்வளவு திரண்டிருக்கிறது என்பதே இந்த எண். வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.785. அமெரிக்காவில் தேர்தல் தொகுதிகளைக் கோணல்மாணலாக வரைவதைக் கண்டுபிடிக்க 1991-ல் போல்ஸ்பி, பாப்பர் இருவரும் முன்வைத்த சூத்திரமும் இதுதான். நம் வயலுக்கு 0.77 இருந்தது, முள் வந்ததும் 0.40 ஆயிற்று. போஸ்ட்ஜிஸ் தரவுத்தளத்தில் இரண்டையும் ஒன்றாகக் கேட்கலாம்:

```sql
SELECT survey_no,
  ST_Area(geom) / ST_Area(ST_OrientedEnvelope(geom)) AS fill,
  4 * pi() * ST_Area(geom) / ST_Perimeter(geom)^2 AS compact
FROM parcels
ORDER BY compact;
```

ஏன் இரண்டு? ஒன்றின் கண்ணுக்குத் தப்புவது மற்றதன் கண்ணில் படும். நான்கு மீட்டர் அகலம், நூறு மீட்டர் நீளமுள்ள துண்டு அச்சான செவ்வகம், முதல் எண் 1 என்று பாராட்டும். திரட்சியோ 0.12. இது உண்மையான வண்டிப்பாதையாக இருக்கலாம், பக்கத்துப் பக்கத்து வயல்களை வரைந்ததில் கோடுகள் பொருந்தாமல் விழுந்த சந்தாகவும் இருக்கலாம். மறுபக்கம், வாய்க்கால் ஓரத்து வயலின் வளைவை நூறு புள்ளிகள் வைத்து நுணுக்கமாக வரைந்திருந்தால் சுற்றளவு வீங்கித் திரட்சி அநியாயத்துக்குக் குறையும். செவ்வக எண் அசையாது. இரண்டும் சேர்ந்து சரிந்தால்தான் எனக்குச் சந்தேகம் வலுக்கும்.

அப்போதும் சந்தேகம்தான், தீர்ப்பல்ல. முக்கோண நிலம் எதுவானாலும் செவ்வக எண் சரியாக 0.5 தான், அதில் தவறேதும் இல்லை. பின்மனைக்குப் போக மூன்று மீட்டர் வழி விட்ட வீட்டுமனையும் இப்படித்தான்: பதினைந்துக்கு இருபது மனையும் இருபத்தைந்து மீட்டர் வழியும் சேர்ந்தால் 0.56, திரட்சி 0.33. நம் முள் வயலின் எண்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். அதனால் 'இதற்குக் கீழே எல்லாம் பிழை' என்று ஒரு கோடு கிழிப்பது வீண்வேலை. சாலை, வாய்க்கால் புறம்போக்குகளை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத் திரட்சி வரிசையில் அடுக்கி, அடிமட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படத்தைத் திறந்து பார்ப்பதே நடக்கக்கூடியது.

மனையா முள்ளா என்பதைப் பக்கத்து நிலம் சொல்லிவிடும். உண்மையான வழியென்றால் அண்டை நிலத்தின் புலப்படத்திலும் அதே வளைவு, அதே மீட்டர் கணக்கில், எதிர்ப்பக்கத்திலிருந்து அளந்து எழுதியிருக்கும். நம் வயலுக்கு வடக்கே உள்ள புலத்தின் தாளில் அந்த வரப்பு நேர்கோடாகவே ஓடுகிறது.